படுக்கும் முன் நான்கு மாத்திரை

அந்த ரமலானில் நான் ஒரு நாள்கூட நோன்பு வைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் முழுக்க இதை யாரிடமெல்லாம் சொன்னேனோ, அவர்களில் ஒருவர்கூட நம்பவில்லை. நோன்பு வைக்காதவன் வைத்ததாகப் பொய் சொல்வது ஊர் உலகத்தில் நடப்பதுதான். வைக்கவில்லை என்று உண்மையைச் சொல்லி, அதற்காகத் திட்டு வாங்கியவன் எகிப்தில் எங்கள் மன்சூரா நகரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் பெயர் ரிஃபஅத். தையல்காரன். ஆண்களுக்கான கோட்டும் ஜலாபியா அங்கியும் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு நோய் உண்டு. மனம் சில மாதம் கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். சில மாதம் எழுந்து முகம் கழுவக்கூட விடாது. அதைத் தரையில் நிறுத்தி வைப்பது லித்தியம் என்ற மருந்து. ஒரு வகை உப்பு அது. இரத்தத்தில் குறைந்தால் வேலைக்கு ஆகாது, கூடினால் விஷம். நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். அதனால் சில மாதங்களுக்கு ஒரு முறை காலையில் போய் இரத்தம் கொடுத்து, அளவு சரியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாக இதைச் செய்கிறேன். மருந்துச் சீட்டில் எப்போதும் ஒரே வரிதான்: இரவு படுக்கும் முன் நான்கு மாத்திரை.

அந்த வருடம் நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் என் ஒரே மகள் இன்ஜிக்கு நிக்காஹ். எங்கள் பக்கத்தில் நிக்காஹ் என்றால், பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைத் தன் கையால் பிடித்துக்கொள்வான். மேலே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போடுவார்கள். திருமணத்தைப் பதிகிற மஅஸூன் சொல்லிக்கொடுக்க, 'என் மகளை உனக்குக் கட்டிக்கொடுத்தேன்' என்று தகப்பன் சொல்லுவான். சொல்லுகிறவன் புத்தி தெளிந்தவனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் பெரியப்பனோ சித்தப்பனோ உட்காருவான். எனக்கு ஷவ்கி என்று ஒரு அண்ணன் இருக்கிறான். தரை ஓடு வியாபாரம். நல்ல தொப்பை, நல்ல குரல். இன்ஜியை நிச்சயம் பண்ணிய அன்றே அவன் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனான். "எதுக்கும் இருக்கட்டும்" என்றான். அந்த 'எதுக்கும்' என்ற சொல் எனக்கு ஊசிபோலக் குத்தியது. அவன் உட்காரக் கூடாது, நான்தான் உட்கார வேண்டும். அந்த ரமலானில் எனக்கிருந்த ஒரே வேண்டுதல் இதுதான்.

நோன்பு எனக்குக் கூடாது என்பது எனக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் மெர்வத்தின் கட்டளை. தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்து உடம்பில் தேங்கிவிடும். மூன்று வருடம் முன்பு, யாருக்கும் சொல்லாமல் வீம்புக்கு ஆறு நோன்பு வைத்தேன். வாந்தியும் தள்ளாட்டமுமாக ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதற்குப் பிறகு வைக்கவில்லை. ஆனால் நோன்பு வைக்காதவன் எல்லோர் கண் முன்னாலும் தேநீர் குடிக்க முடியுமா? கடையில் வருகிறவர்கள் துணியைப் போட்டு அளவு பார்க்கிற திரைக்குப் பின்னால் ஒரு கூஜாத் தண்ணீரும், துணியில் சுற்றிய ரொட்டியும் பாலாடைக் கட்டியும் வைத்திருப்பேன். திரையை இழுத்துவிட்டு, மென்று விழுங்கி, வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வருவேன். திருடன்கூட இத்தனை கவனமாக இருக்க மாட்டான். வீட்டில் என் மனைவி நஜ்வாவும் மகளும் நோன்பு. அவர்கள் முன்னால் ஒரு மிடறு குடித்ததில்லை.

ரமலானில் எங்கள் ஊரில் பகல் இரவாகிவிடும், இரவு பகலாகிவிடும். தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்தபின்தான் கடைத்தெரு கண் விழிக்கும். பெருநாள் துணிக்கு அலைமோதும் கூட்டத்தோடு நோன்பு பிடிக்கச் சாப்பிடும் பின்னிரவுச் சஹர் வரை தைப்பேன். வீட்டுக்கு வந்து, அவித்த மொச்சையும் தயிரும் அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டு, நான்கு மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, விடியற்காலை பஜ்ர் பாங்கு காதில் விழும்போது படுக்கையில் சாய்வேன். படுக்கும் முன் நான்கு மாத்திரை. ஒரு நாள் தவறவில்லை.

ரமலான் பாதியில் இரத்தப் பரிசோதனை வந்தது. நிக்காஹ் வருகிறதே, எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று நானே காலையில் தூக்கம் கலைந்து, எட்டு மணிக்கு ஆய்வகத்தில் போய் உட்கார்ந்தேன். ஊசி குத்துகிற பெண் கேட்டாள்:

"காலை மாத்திரை போட்டுட்டீங்களா?"

"எனக்குக் காலை மாத்திரையே கிடையாதும்மா. ராத்திரிதான்."

"நல்லது. நோன்பா?"

பக்கத்தில் நாலைந்து பேர். குரலைத் தாழ்த்தி, இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரத்தம் எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் மெர்வத்தைப் பார்க்க நானும் நஜ்வாவும் போனோம். டாக்டர் நல்லவர், கைத்தொழில்காரனுக்குரிய மரியாதையோடு என்னை உஸ்தா என்றுதான் அழைப்பார். அவரைப்பற்றி யாராவது குறை சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அன்று அவர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தனை நாளா நோன்பு வைக்கிறீங்க, உஸ்தா ரிஃபஅத்?"

"வைக்கல டாக்டர்."

"நான் கோவப்பட மாட்டேன். உண்மையச் சொல்லுங்க."

"உண்மையத்தான் சொல்றேன். வைக்கல."

அவர் அந்தக் காகிதத்தை என் பக்கம் திருப்பவில்லை, நஜ்வா பக்கம் திருப்பினார். "போன தடவை சைபர் புள்ளி ஏழு. இப்போ ஒண்ணு புள்ளி மூணு. அதே மாத்திரை, அதே கணக்கு. உடம்புல தண்ணி வத்திப்போனா சிறுநீரகம் உப்ப வெளிய விடாது. இந்த மருந்தும் ஒரு உப்புதான், அதையும் சேர்த்துப் பிடிச்சு வெச்சுக்கும். அளவு இப்படித்தான் ஏறும். வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

நஜ்வா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

"கைய நீட்டுங்க" என்றார் டாக்டர். நீட்டினேன். விரல்கள் மெல்ல நடுங்கின. இந்த மருந்து சாப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து நடுங்குகிற விரல்தான் அது. அதை வைத்துக்கொண்டுதான் ஊரில் பாதிப் பேருக்குப் பொத்தான் துளை தைத்திருக்கிறேன். அன்று அதுவும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

"வல்லாஹி, நான் வைக்கல டாக்டர்."

"சத்தியமெல்லாம் எதுக்கு, உஸ்தா? ரத்தம் பொய் சொல்லாது."

இரண்டு நாள் இரவு மாத்திரையே வேண்டாம், அதற்குப் பிறகு நான்குக்குப் பதில் இரண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் என்று எழுதிக் கொடுத்தார். அவர் கையில் இருந்த எண்ணுக்கு அதுதான் சரியான வைத்தியம். அப்படியே விட்டால் போன தடவைபோல நான் விழுந்துவிடுவேன் என்று பயந்தார். ஒரு தடவை மறைத்து நோன்பு வைத்தவன் வேறு.

வீடு வரைக்கும் நஜ்வா வாய் திறக்கவில்லை. கதவைச் சாத்தியதும் திறந்தாள்.

"சொர்க்கத்துக்கு உனக்கு அவ்வளவு அவசரமா? மக நிக்காஹ் முடியட்டும்னு பொறுக்க முடியலையா?"

"நஜ்வா, நான் வைக்கல. கடையில தினமும் சாப்பிடுறேன்."

"யார் பாத்தா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதானே திரைக்குப் பின்னால போறேன்!"

"நல்லாச் சொன்ன. தண்ணி குடிச்சத யாரும் பாக்கல, ரொட்டி தின்னத யாரும் பாக்கல. ரத்தம் மட்டும் பாத்துடுச்சு."

அடுத்த நாள் அவளே கடைக்கு வந்து திரையை விலக்கிப் பார்த்தாள். கூஜா காலியாக இருந்தது. குடித்துவிட்டேன் என்றேன். கீழே கொட்டிவிட்டாய் என்றாள். நிரம்பி இருந்திருந்தால் தொடவே இல்லை என்று சொல்லியிருப்பாள். கூஜா எப்படி இருந்தாலும் நான் குற்றவாளிதான்.

இன்ஜி என்னிடம் சண்டை போடவில்லை. அது இன்னும் மோசம். சாயங்காலம் நோன்பு திறக்கிற இஃப்தார் முடிந்து நான் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாபா, யாருக்கும் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லு. வெச்சியா?"

"இல்லம்மா."

"எனக்காகவாவது உண்மையச் சொல்லேன்."

நான் என்ன சொல்லட்டும்? 'வைத்தேன், இனி வைக்க மாட்டேன்' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடு நிம்மதியாகியிருக்கும். எல்லோரும் அந்தப் பொய்க்காகத்தான் காத்திருந்தார்கள். எனக்குப் பிடிவாதம். மனநோய்க்காரனுக்கு மற்றவர்களைப் போலச் சொத்து சுகம் இருக்கலாம், கடை கண்ணி இருக்கலாம். அவன் சொல்லுக்கு மட்டும் விலை கிடையாது. அதனால்தான் அந்த ஒன்றை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அவள் கையை விலக்கிவிட்டு இறங்கிப் போனேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுத்தேன். அதே சஹர் சாப்பாடு, அதற்குப் பின் இரண்டு மாத்திரை, ஒரு குட்டித் தூக்கம், காலை எட்டு மணி, அதே பெண், அதே கேள்வி. இந்த முறை ஒன்று புள்ளி மூன்று சரிபாதியாகியிருந்தது: சைபர் புள்ளி அறுபத்தைந்து. டாக்டர் தொலைபேசியில் நஜ்வாவிடம் பேசினார். இருக்க வேண்டிய அளவு இதுதான், இப்படியே போகட்டும் என்றார். நஜ்வாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? நோன்ப விட்ட, எல்லாம் சரியாயிடுச்சு."

"வெச்சாதானே விடுறதுக்கு!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தச் சிரிப்புதான் அந்த ரமலானில் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் உள்ளேயிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளேயிருந்து பார்த்தால் அது நோயாகத் தெரியாது. முதலில் தூக்கம் குறைந்தது. ரமலானில் யார்தான் ஒழுங்காகத் தூங்குகிறார்கள்? பிறகு வேலை வேகமாக ஓடியது. பெருநாள் சமயத்தில் தையல்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? துணியைப் பார்த்தவுடனே அது என்னவாக ஆசைப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாக ஜலாபியா என்று அறிவித்துவிட்டு, கடையில் இருந்த நல்ல துணியையெல்லாம் வெட்டினேன். விடிந்ததும் விடியாததுமாக மாப்பிள்ளையின் தகப்பனார் ஹாஜி ஃபிக்ரியைத் தொலைபேசியில் எழுப்பி, கல்யாண மண்டபத்தின் திரைச்சீலை நிறத்தைப்பற்றி விளக்கிப் பேசினேன். அவர் மரியாதைக்காரர். கேட்டுக்கொண்டார்.

நஜ்வாவுக்குப் புரியத் தொடங்கிவிட்டது. என் பேச்சின் வேகத்தை இருபத்து நான்கு வருடமாகக் கேட்கிறவள் அவள். டாக்டரை அழைத்தாள். பக்கத்து அறையிலிருந்து எனக்குக் கேட்டது.

"அளவு சரியாத்தான் இருக்குன்னு சொன்னீங்க, எனக்குத் தெரியும் டாக்டர். ஆனா ஆளு சரியில்லையே."

மறுபுறம் என்ன சொன்னார்கள் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். மருந்தின் அளவு நன்றாக இருக்கிறது. மகள் கல்யாணம், தூக்கக் குறைவு, கொஞ்சம் கிளர்ச்சி இருக்கத்தான் செய்யும். தூங்க ஒரு மாத்திரை தருகிறேன், பெருநாள் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதல் தடவை அந்தக் காகிதம் நான் பொய்யன் என்றது. இரண்டாம் தடவை நான் நன்றாக இருக்கிறேன் என்றது. இரண்டு தடவையும் எல்லோரும் காகிதத்தைத்தான் நம்பினார்கள்.

பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஹாஜி ஃபிக்ரி வீட்டில் இஃப்தார் விருந்து. இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்காரும் முதல் விருந்து. ஷவ்கியும் வந்திருந்தான். பேரீச்சம்பழம் எடுத்து, சூப் குடித்து, வாத்துக் கறி வந்துகொண்டிருந்த நேரம். எதிரே மாப்பிள்ளை ஹாதிம் உட்கார்ந்திருந்தான். நிக்காஹுக்குக் கடையில் தயாராக வாங்கிய கோட்டை எங்களுக்குக் காட்டுவதற்காகப் போட்டிருந்தான். தோளில் அது சரியாக உட்காரவில்லை. வலது தோள்பட்டையில் ஒரு சுருக்கம். அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. இந்தக் கோட்டோடு இவன் என் மகளைக் கட்டினால் அவர்கள் வாழ்க்கையே கோணிப்போகும் என்று எனக்கு அப்போது வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

"எந்திரி மாப்ள" என்றேன்.

"என்ன மாமா?"

"எந்திரின்னா எந்திரி. இது கோட்டா, சாக்கா?"

என் சட்டைப் பையில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல் இருக்கும். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அவன் தோளைப் பிடித்து, தையலைப் பிரித்தேன். அவன் நகர முயன்றான். நகராதே, அளவு கெட்டுவிடும் என்று கத்தினேன். கோட்டின் கை உருவி வந்துவிட்டது. உள் பஞ்சு வெளியே தொங்கியது. அடுத்த தோளுக்குப் போகும்போது அவன் திமிறினான். கத்தரிக்கோலின் நுனி அவன் கழுத்தோரம் கீறிவிட்டது. ஒரு நூல் அளவு இரத்தம். அவன் அம்மா அலறினாள். நான் விடாமல் தையற்கலைபற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷவ்கி பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்தான். இன்ஜி அப்படியே சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. என்னைப் பார்த்துப் பயந்தாள்.

அங்கிருந்தே என்னை மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் இரண்டு நாள் ஊசி போட்டதில் பாதி ஞாபகமில்லை. அங்கே மருந்து கொடுக்கிற முறை வேறு. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். என்னுடைய இரண்டு மாத்திரையையும் பிரித்து, இரவு ஒன்பதுக்கு ஒன்று, காலை ஒன்பதுக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். நோன்பானாலும் பெருநாளானாலும் ஒன்பது ஒன்பதுதான். பெருநாள் அன்று காலையில், வெளியே பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தபோது, நர்ஸ் அந்தச் சின்னக் கோப்பையில் மாத்திரையைக் கொண்டுவந்தாள். நான் எடுக்கக் கை நீட்டினேன். அவள் கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொறுங்க. முதல்ல ரத்தம், அப்புறம்தான் மாத்திரை."

"எத முதல்ல எடுத்தா என்ன? ரெண்டும் என் உடம்புக்குத்தானே?"

"முழுங்கிட்டு எடுத்தா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல."

இரத்தத்தை எடுத்துக்கொண்டு, அதன்பிறகு மாத்திரையைக் கொடுத்தாள்.

மாலையில் டாக்டர் மெர்வத் வந்தார். பெருநாள் உடுப்பில் இருந்தார். கூட நஜ்வா. டாக்டரின் கையில் புது முடிவு இருந்தது. எனக்கு அப்போதும் வாய் நிற்கவில்லை, கட்டில் துணியின் தையலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் பேச்சை நிறுத்தவில்லை. காத்திருந்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டார்.

"உஸ்தா, வீட்டுல இருந்தப்போ மாத்திரைய எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"படுக்கும் முன். நீங்கதானே எழுதினீங்க?"

"எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"ரமலான்ல யார் ராத்திரி படுப்பா? சஹர் சாப்பிட்டு, பஜ்ர் பாங்கோடதான்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எட்டு மணிக்கு ரத்தம் குடுத்தீங்க, ரெண்டு தடவையும்."

"ஆமா."

"நாலு மணி நேரம்தான் ஆகியிருக்கு." இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நஜ்வாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாலு மணி நேரம்னா என்ன டாக்டர்?"

அவர் மெதுவாகச் சொன்னார். மாத்திரை விழுங்கிய முதல் சில மணி நேரம் மருந்து இரத்தத்தில் மேலே மேலே ஏறி நிற்கும். பிறகுதான் உடம்புக்குள் பரவும், மிச்சம் சிறுநீரில் கழியும். பன்னிரண்டு மணி நேரம் ஆனால்தான் ஓரளவு நிதானத்துக்கு வரும். 'இந்த அளவு சரி, இதற்கு மேல் ஆபத்து' என்று டாக்டர்கள் கையில் வைத்திருக்கிற எண்கள் எல்லாம் அந்தப் பன்னிரண்டாவது மணியில் எடுத்த இரத்தத்தைப் பார்த்து வகுத்தவை. அதனால்தான் முந்தின இரவு மாத்திரைக்குப் பிறகு காலை வரை விட்டு, காலை மாத்திரைக்கு முன்னால் எடுப்பது. மற்ற மாதங்களில் நான் ஒன்பது, பத்துக்குப் படுத்தேன், காலை ஒன்பது, பத்துக்குக் கொடுத்தேன். கணக்கு தானாகச் சரியாக இருந்தது. யாரும் கேட்க வேண்டி வரவில்லை.

"இன்னிக்கு எடுத்தது சரியான நேரத்துல. ரெண்டு மாத்திரைக்கு சைபர் புள்ளி மூணுதான் இருக்கு. அதாவது நாலு போட்டப்போ புள்ளி ஆறு, புள்ளி ஏழுன்னு இருந்திருக்கும். எப்பவும் இருக்கிற அளவுதான். ஏறவே இல்ல. சரியா இருந்த மருந்தத்தான் நான் பாதியாக்கிட்டேன். அதுக்கப்புறம் வந்த புள்ளி அறுபத்தஞ்சும் பொய் எண்தான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மேலே பறந்துகொண்டிருந்த அந்த மனதுக்கும் விளங்கியது. "டாக்டர், இஃப்தார் முடிச்ச கையோட வர்றவனுக்கு நான் கால்சட்டை அளவு எடுக்க மாட்டேன். வயிறு உப்பி இருக்கும். காலையில போட்டா இடுப்புல நிக்காது."

அவர் சிரிக்கவில்லை. "நான் கேட்டிருக்கணும், உஸ்தா. எண்ணப் பாத்தேன், நேரத்தக் கேக்கல. ரமலான்ல நோன்புன்னா தண்ணி வத்தும், அதையேதான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். எதிர்பாத்தது கண்ணு முன்னால வந்ததும் நம்பிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க."

நஜ்வா என் கையைப் பற்றினாள். "அப்போ இவரு நோன்பு வைக்கவே இல்லையா?"

"வைக்கல. வெச்சிருந்தா இந்தக் கணக்கு வராது."

அவள் அழுத அழுகையை நான் விவரிக்கப்போவதில்லை. "சொன்னியே, சொன்னியே, தினமும் சொன்னியே" என்று என் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்குக் கர்வமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஜெயித்துவிட்டேன் என்றிருந்தது. நாளைக்கு நிக்காஹ் என்பது அந்த ஒரு நிமிடம் மறந்தேபோனது. ஞாபகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு ராத்திரியே நாலு குடுங்க டாக்டர். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுவேன்."

"அளவு ஏறி நிலைக்கு வரவே அஞ்சாறு நாள் ஆகும், உஸ்தா. மனசு அதுக்கும் பின்னாலதான் இறங்கும்."

"அப்போ நிக்காஹத் தள்ளி வைங்க. நஜ்வா, ஹாஜி ஃபிக்ரிகிட்டச் சொல்லு. ரத்தம் எடுத்த நேரம் தப்புன்னு சொல்லு. நான் பொய்யனில்லன்னு சொல்லு."

நஜ்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"சொல்லிப் பாக்கிறேன்னு நான் போனா என்ன சொல்லுவாங்க, தெரியுமா? நீ நோன்பு வெச்சியா இல்லையாங்கிறது அவங்களுக்கு எதுக்கு? அவங்க பாத்தது கத்தரிக்கோல. நாளைக்கே முடியணும், இல்லன்னா வேணாம்னு ஹாஜி சொல்லிட்டாரு. இன்ஜியும்..." நிறுத்தினாள். "இன்ஜியும் நாளைக்கே முடியட்டும்னுட்டா."

அதற்கு மேல் நான் கெஞ்சவில்லை. சுவரோடு ஒட்டி நின்ற மகளின் முகம் கண் முன்னால் வந்தது. எண் எப்படிப் பொய்யாயிற்று என்று அவளுக்கு விளக்கிவிடலாம். அந்தப் பயத்தை யார் போய் எடுப்பார்கள்?

"சரி" என்றேன். "ஷவ்கி உக்காரட்டும். ஆனா மஅஸூன்கிட்டச் சொல்லு, பொண்ணோட தகப்பன் ரிஃபஅத் தன் அண்ணனுக்குச் சம்மதம் குடுத்திருக்கான்னு. நான் குடுத்துத்தான் அவன் உக்காருறான். எழுதணும்னா எழுதித் தர்றேன், காகிதம் கொண்டா."

நஜ்வா தரையைப் பார்த்தாள்.

"ஷவ்கி ஏற்கெனவே அவரப் போயிப் பாத்துட்டாரு. ஆஸ்பத்திரி சேத்துக்கிட்ட சீட்டு ஒண்ணு போதும்னாராம். நீ இங்க இருக்கிற வரைக்கும், உன் சம்மதம்..."

"சொல்லு."

"உன் சம்மதம் தேவையில்லையாம். செல்லாதாம்."

டாக்டர் ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை. நஜ்வா என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்னால்தான் என் சொல் உண்மை என்று இரத்தத்தை வைத்து நிரூபித்தார்கள். அதை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை.

"செல்லலைன்னாலும் சொல்லு" என்றேன். "கைக்குட்டைய விரிக்கிறதுக்கு முன்னால, எல்லாரும் கேக்கற மாதிரி, அவ அப்பா சம்மதம் குடுத்தாருன்னு சத்தமாச் சொல்லு."

"சொல்றேன்."

"வல்லாஹி?"

"வல்லாஹி, சொல்றேன்."

மறுநாள் மாலை நிக்காஹ் நடந்தது. நான் இரவு ஒன்பது மணி மாத்திரைக்காகக் காத்திருந்தேன். சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். நிக்காஹ் படங்களைக் காட்டினார்கள். ஷவ்கியின் கோட்டு நன்றாக உட்கார்ந்திருந்தது, நான் தைத்ததுதான். இன்ஜி கணவன் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள், என் பக்கத்தில் உட்காருகிறாள், தேநீர் ஊற்றித் தருகிறாள். மேசையில் கத்தரிக்கோல் கிடந்தால் பேச்சுக்கு நடுவில் எடுத்து இழுப்பறைக்குள் வைத்துவிடுகிறாள்.

அன்று கூட்டத்தின் நடுவில் நஜ்வா அதைச் சொன்னாளா என்று நான் அவளைக் கேட்டதில்லை. அங்கே இருந்த யாரிடமும் விசாரித்ததும் இல்லை. சொல்கிறேன் என்று சத்தியம் செய்தாள், நான் நம்பினேன்.